இருபத்துநாலு பேரிடம் கேட்டது

எண்ணிக்கை எடுக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடு, பொய் சொல்லாதே, ஆனால் கதவை முழுசாகத் திறந்து வைக்காதே. றஹ்மத்தும்மா தன் மகள் அஸீலாவுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் புத்தி இதுதான். புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் வாரத்துக்கொருதரம் யாராவது ஒரு மட்டையும் பேனாவுமாக வந்து நிற்பார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பாய், எத்தனை பானை. எண்ணிக்கொண்டு போவார்கள். சில வேளை அரிசி வரும், சில வேளை ஒன்றும் வராது.

அப்படி எண்ணப்பட்டு எண்ணப்பட்டு வளர்ந்த பிள்ளை கடைசியில் எண்ணுகிற உத்தியோகத்துக்கே போய்ச் சேர்ந்ததை என்னவென்று சொல்வது! தலையெழுத்து என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அஸீலாவிடம் அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் படிச்சு வந்தனான்" என்பாள். உண்மைதான். முகாம் பள்ளிக்கூடத்தில் இருந்து பல்கலைக்கழகம் போய்ப் புள்ளிவிபரவியல் படித்தவள். தொண்ணூறாம் ஆண்டு ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்குள் வந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொன்னபோது அவளுக்கு ஆறு வயது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது கல்யாணமாகி, கையில் ஒரு பட்டமும் இருந்தது. புருஷன் றஊப் தையல் கடை போட்டான். அவள் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறையில் இயங்கிய செல்வநாயகத்தாரின் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

செல்வநாயகம் அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், பயந்த மனுஷன், இரண்டும் சேர்ந்தவர். குடிதண்ணீர், மலசலகூடம், பால்மா, இவற்றைப் பற்றித்தான் அங்கே ஆய்வுகள் நடக்கும். பால்மா பற்றி யார் என்ன சொன்னாலும் ஊரில் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த நிம்மதியில் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

இந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத்தான் சனியன் பிடித்தது. பட்டினத்துப் பத்திரிகை ஒன்று, மேற்குப் பக்கத்து ஆறு வட்டாரங்களில் கருத்துக்கணிப்பு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டது. போட்டி இரண்டு குழுக்களுக்குள். ஒன்றுக்குக் குடை சின்னம், மற்றதுக்கு லாந்தர். நானூறு பேரைக் கேட்டால் போதும் என்று முடிவாயிற்று.

அஸீலாவுக்கு அந்த மாதத்தில் வேறொரு யோசனையும் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாகப் புத்தளத்தை விட்டு அசையாமல் இருந்த உம்மா, கடைசியில் சம்மதித்திருந்தாள். அஸீலாவின் வீட்டுக்கு ஒரு வீடு தள்ளி இருந்த, வாப்பா கட்டின வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, கேற் போட்டாயிற்று, கிணறு இறைத்தாயிற்று. தேர்தல் முடிந்த இரண்டாம் ஞாயிறு வருவதாக ஏற்பாடு. "வந்தா வந்ததுதான் மகள். மௌத்தும் அடக்கமும் அங்கைதான்" என்று உம்மா போனில் சொன்ன அன்று அஸீலா அலுவலகத்திலேயே அழுதுவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடு வீட்டு அருந்ததி அடுத்த நாளே ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து, "உம்மா வந்தா மத்தியானத்திலை நான் துணைக்கு இருப்பன், யோசியாதையுங்கோ" என்றாள். அதைவிட வேறென்ன வேண்டும்?

கணிப்புத் தொடங்க முதல், வீடுவீடாகப் போகிற எட்டுப் பேரையும் கூப்பிட்டு அஸீலா வழக்கம்போலப் பயிற்சி கொடுத்தாள். அவளுடைய பயிற்சிக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. ஒரு வாளி நிறையப் புளியங்கொட்டை. அதில் சரிபாதி ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கியது, மற்றப் பாதி கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு இருபத்துநாலு கொட்டை எடுக்க வேண்டும்.

எட்டுப் பேரும் எடுத்தார்கள். ஒருத்தருக்கு எட்டு வெள்ளை வந்தது, ஒருத்தருக்குப் பதினாறு. மற்றவர்களுக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

"வாளிக்குள்ளை இருக்கிறது பாதிக்குப் பாதி. அது மாறேல்லை" என்றாள் அஸீலா. "உங்கடை கைதான் மாறுது. எட்டு வந்தவர் மூண்டிலொரு பங்குதான் வெள்ளை எண்டுவார். பதினாறு வந்தவர் மூண்டிலை இரண்டு பங்கு எண்டுவார். இரண்டு பேரும் களவு செய்யேல்லை."

"அப்ப ஆரை நம்புறது மிஸ்?" என்று கேட்டவன் ஜெரிசன். குருநகரைச் சேர்ந்தவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எந்த வேலையையும் சொன்ன நாளுக்கு ஒருநாள் முதலே முடித்துத் தருகிற சுறுசுறுப்புக்காரன்.

"ஒரு இலக்கத்தை நம்பாதையும். அதுக்கு ரெண்டு பக்கமும் இடம் விடும். எவ்வளவு இடம் விட்டா, நூறு தரம் புதிசு புதிசா அள்ளினாலும் தொண்ணூற்றைஞ்சு தரமாவது உண்மை அந்த இடத்துக்குள்ளை அகப்படுமோ, அவ்வளவு விடவேணும். அதுதான் நம்பிக்கை ஆயிடை. கொஞ்சப் பேரைக் கேட்டா இடம் அகலம். கனபேரைக் கேட்டா ஒடுக்கம்."

பிறகு வாளியை இரண்டு கையாலும் கிளறிக் காட்டினாள். "இது எல்லாம் கிளறின வாளிக்குத்தான் பொருந்தும். புளியோடை ஒட்டிக் கட்டியாய்க் கிடக்கிற கொட்டையை அப்படியே தூக்கினா, அது ஒருதரம் எடுத்ததுக்குச் சரி, பத்துத்தரம் எடுத்ததாகாது." ஜெரிசன் தலையாட்டினான். நன்றாகத்தான் தலையாட்டினான், பாவி.

விபரமெல்லாம் வந்து சேர்ந்த அன்று அஸீலா கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பேட்டியும் எடுத்த இடத்தைப் போன் தானாகவே பதிந்துவிடும். ஆறு வட்டாரத்திலும் புள்ளிகள் தூவின மாதிரிப் பரவியிருந்தன. சோனகதெருப் பக்கம் மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கணினி சீட்டுக் குலுக்கிப் பொறுக்கியதில் அங்கே இருபத்துநாலு வீடு விழுந்திருந்தது. பதின்மூன்று புள்ளிதான் தெரிந்தது. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பதினான்காவதாக ஒரு புள்ளி, கொஞ்சம் தடிப்பாக. அதன்மேல் அழுத்தினாள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினொரு பேட்டி, மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதில் இருந்து இரண்டு முப்பத்தைந்துக்குள். பதினொன்றிலும் ஒரே பதில், லாந்தர்.

உடனே ஜெரிசனைக் கூப்பிட்டாள்.

அவன் சந்தோஷமாகவே சொன்னான். "ஐயோ மிஸ், அந்தப் பக்கம் பதினொரு வீடு பூட்டு. எல்லாரும் புத்தளத்திலை. பாத்தா, ஒரு வீட்டிலை பந்தல், சனம். மௌத்தான ஒராளுக்கு நாப்பதாம் நாள் கத்தமாம், ஓதிச் சாப்பாடு குடுக்கிறது. புத்தளத்தாலை வந்த ஆக்கள் முழுக்க அங்கை. இங்கை வாக்கு இருக்கிற பதினொரு பேரைப் பிடிச்சு இருத்திக் கேட்டுட்டன். சாப்பாடும் தந்தவை. ஒரு நாள் மிச்சம்."

"ஆற்றை வீடு அது?"

"அது... லாந்தரிலை தேர்தல் கேட்கிறவற்றை மச்சான்ரை வீடு போலை."

பூட்டிய வீடென்றால் வேறு நாளில் வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தரம் போக வேண்டும், அதற்கும் திறக்காவிட்டால் இடக்கைப் பக்கத்து அடுத்த வீடு. சட்டம் அதுதான். திரும்பி வந்தும் வராத சனத்தின் தெருவில் பூட்டுத்தான் பாதி வீடு. அந்தப் பூட்டைத் திறக்கப் பொறுமையில்லாமல் இவன் விருந்துக்குள் புகுந்திருக்கிறான். மச்சான் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, மச்சான் பார்த்துக்கொண்டிருக்க, வேறு சின்னத்தின் பெயரைச் சொல்ல எவனுக்கு வாய் வரும்?

செல்வநாயகத்தாரிடம் கொண்டுபோனாள். இருபத்துநாலில் பதினேழு லாந்தர் என்று முஸ்லிம் வாக்காளர்களுக்கான அட்டவணை சொல்லியது. எழுபத்தொரு வீதம். கட்டியாய் வந்த பதினொன்றைக் கழித்தால் மிச்சம் பதின்மூன்றில் ஆறு. பாதிக்கும் குறைவு. ஆனால் பதின்மூன்று பேரை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? உண்மை காற்பங்குக்குக் கிட்டவும் இருக்கலாம், எழுபது வீதமாகவும் இருக்கலாம்.

"இந்த அட்டவணையை முழுசா எடுத்துவிடுவம் சேர்" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, பேப்பர்காரர் சமூகவாரியாத்தான் கேட்டவை. எடுத்தா ஏன் எடுத்தது எண்டு கேட்பினம். ஆர் எடுத்தது எண்டும் கேட்பினம்." பிறகு மெல்லச் சொன்னார். "நீர் உங்கடை ஆக்களுக்காக மறைச்சது எண்டு ஒரு கதை வந்தா, உமக்கும் கூடாது, எனக்கும் கூடாது. ஒரு நட்சத்திரம் போட்டு அடியிலை எழுதுவம்."

அந்த ஒரு சொல் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. உங்கடை ஆக்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த அலுவலகத்தில் அவள் ஒருநாளும் உங்கடை எங்கடை என்று கதைத்ததில்லை. தன் சனத்தின் பக்கம் ஒரு தானியமளவும் சாயக்கூடாது என்று இருந்தவள். இன்றைக்கு வாய் திறந்தால் சாய்ந்தவளாகிவிடுவாள். அதனால் வாயை மூடினாள். வேறெந்தத் தெருவில் அந்தப் பதினொரு புள்ளி விழுந்திருந்தாலும் அவள் விட்டிருக்கமாட்டாள். அதுதான் இதில் வயிறெரிகிற விஷயம்.

நட்சத்திரம் போட்டாள். அடியில் எழுதினாள்: மாதிரி சிறியது, உண்மை 51 இல் இருந்து 85 வரை இருக்கலாம், கவனமாக வாசிக்கவும். பந்தலைப் பற்றி எழுதவில்லை. அந்த ஐம்பத்தொன்றும் எண்பத்தைந்தும் கையின் அதிர்ஷ்டத்துக்கு மட்டும் விட்ட இடம், கிளறாத வாளிக்கு அது காவல் இல்லை என்று தெரிந்துகொண்டே, தொழில்நுட்பப் பொறுப்பு என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

சனிக்கிழமைப் பத்திரிகையை றஊப்தான் கடையில் இருந்து கொண்டுவந்தான். தலைப்பு மேலே தெரிய மேசையில் வைத்தான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: "குடை முன்னிலை! கவிழ்க்கப் போவது முஸ்லிம் வாக்குகளா? 71 வீதம் லாந்தருக்கு." நட்சத்திரத்தைத் தேடினாள். முதல் பக்கத்திலும் இல்லை, உள்ளேயும் இல்லை.

"உதிலை உன்ரை பேர் இருக்கோ?" என்று றஊப் கேட்டான்.

"இல்லை. நிறுவனத்தின்ரை பேர்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். செய்தி ஆசிரியர் சுபாஸ்கரன் மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, பிளேன்ரீ வருவித்தார். அவள் பையில் இருந்து புளியங்கொட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் கொட்டினாள். மனுஷன் சிரித்துவிட்டார்.

"பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு இருபத்துநாலு எடுங்கோ அண்ணை."

எடுத்தார். வெள்ளை பதினைந்து. திரும்பப் போட்டுக் கிளறி எடுக்கச் சொன்னாள். ஒன்பது.

"முதல் எடுத்ததுக்கு என்ன தலைப்புப் போடுவியள்? இரண்டாம்தரம் எடுத்ததுக்கு என்ன தலைப்பு? ரெண்டும் இதே கொட்டைதானே."

சுபாஸ்கரன் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உது சின்னக் கூட்டம். ஆனா குடை முன்னிலை எண்டது நானூறு பேரைக் கேட்டதெல்லே? நாப்பத்துநாலு, நாப்பத்திரண்டு."

"நானூறு பேரெண்டாலும் ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு இடம் விடவேணும் அண்ணை. குடை முப்பத்தொன்பதில இருந்து நாப்பத்தொன்பது. லாந்தர் முப்பத்தேழில இருந்து நாப்பத்தேழு. ரெண்டுக்கும் நடுவிலை உள்ள வித்தியாசத்துக்கு இன்னும் அகலமா விடவேணும், கிட்டத்தட்ட ஒன்பது. அந்த வித்தியாசம் வெறும் ரெண்டு. லாந்தர் ஏழாலை முன்னுக்கும் நிக்கலாம், குடை பதினொண்டாலை முன்னுக்கும் நிக்கலாம். முன்னிலை எண்டு சொல்ல ஒண்டுமில்லை."

"அப்ப என்னெண்டு தலைப்புப் போடுறது? ஒண்டும் தெரியேல்லை எண்டோ?"

"ஓம். அதுதான் உண்மை."

அவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் பேப்பர் விற்கிற மனுஷன். "திங்கட்கிழமை திருத்தம் போடுறன் தங்கச்சி" என்றார். அவளுக்குப் பந்தல் கதை தொண்டைவரை வந்தது. சொன்னால் நிறுவனம் போகும், செல்வநாயகத்தாரின் முப்பது வருஷப் பெயர் போகும், கையெழுத்து வைத்தவள் யார் என்ற கேள்வி வரும். விழுங்கிவிட்டு எழும்பினாள். திங்கட்கிழமை எட்டாம் பக்கத்தில், காணாமற்போன அடையாள அட்டை அறிவித்தலுக்குக் கீழே, நாலு வரியில் திருத்தம் வந்தது. யார் வாசித்தார்கள்? எரிந்துபோன வீட்டுக்குக் கிணறு வெட்டினால் யார் தண்ணீர் அள்ளுவது!

ஆனால் எழுபத்தொன்றை எல்லோரும் வாசித்திருந்தார்கள். கடைக்குத் துணி தைக்க வந்தவர்கள் அளவு கொடுத்துவிட்டு, "எழுபத்தொண்டாமே" என்று சிரித்தபடி போனார்கள். செவ்வாய்க்கிழமை குடைக் காரியாலயத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, ஒன்றும் தைக்கக் கொடுக்காமல், கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஊரிலை திரும்ப இடம் குடுத்தது ஆர் எண்டதை மறக்கக்கூடாது அண்ணை" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று றஊப் அன்றிரவு சொன்னான்.

புதன்கிழமை பின்னேரம் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. தேர்தல் காலம், ஒரு நாளைக்கு நாலு தரம் வருகிறதுதான். ஆனால் இது அஸீலாவின் வாசலுக்கு நேரே வந்து நின்றது. பாட்டு நின்றது. ஒலிவாங்கியைத் தட்டுகிற சத்தம், டொக் டொக்கென்று. அஸீலா கையில் பிடித்திருந்த தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள். ஆறு வயதில் நின்ற மாதிரி. இரண்டு மணித்தியாலம் என்று சொல்லப் போகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, சத்தியமாக.

"அன்பான வாக்காளப் பெருமக்களே! எழுபத்தொரு வீதமான உறவுகளே! சிந்தித்து வாக்களியுங்கள்" என்றது ஒலிபெருக்கி. பிறகு பாட்டுத் தொடங்கியது, ஆட்டோ போய்விட்டது. அவ்வளவுதான். தெருவில் நாலு வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வாக்களிப்பு நடந்தது. அஸீலா குடைக்குத்தான் புள்ளடி போட்டாள். வட்டாரத்தில் தெருவிளக்கும் வடிகாலும் பார்த்துச் செய்த மனுஷன் குடையில் நின்றான், அதனால் போட்டாள். அதை யாருக்குக் காட்ட முடியும்? பெட்டிக்குள் விழுந்த கடதாசிக்கு முகம் இல்லை.

அவர்களுடைய வட்டாரத்தில் குடை அறுபத்துமூன்று வாக்கால் தோற்றது. அந்த அறுபத்துமூன்றை யார் போட்டார்கள் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்குத் தெரிந்திருந்தது. பேப்பர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டதே.

அருந்ததியின் புருஷன் குடைக்காக வெய்யிலில் அலைந்தவன். முடிவு வந்த மறுநாள் கிணற்றடியில் அஸீலா அவளைக் கண்டு சிரித்தாள். அருந்ததி சிரிக்கவில்லை. அழுதுவிடுவாள் போல நின்றாள்.

"எங்களுக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நாங்கள் உங்களை வேறையா நினைச்சோமோ?"

"அருந்ததி, நாங்கள் குடைக்குத்தான்..."

"விடுங்கோ. நூறு பேரிலை எழுபத்தொண்டு எண்டா, உங்கடை வீட்டிலை ஒராளாவது போட்டிருக்குமெல்லே." வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் இரண்டு வளவுக்கும் நடுவில் போக வர இருந்த வேலிப் படலையை அருந்ததி வீட்டார் கம்பி கட்டி அடைத்தார்கள்.

இருபத்துநாலு பேரின் வாய்ச்சொல், அதிலும் ஒரு பந்தலுக்குள் சோற்றோடு வந்த பதினொரு சொல். அது தன் வீட்டுப் படலைவரை வந்து கம்பி கட்டிவிட்டதை அஸீலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

உம்மாவை வரவேண்டாம் என்று சொல்ல இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தாள். என்ன காரணம் சொல்வது? ஒருத்தரும் அடிக்கவில்லை, ஒருத்தரும் ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போய் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். றஹ்மத்தும்மா ஆட்டோவுக்குள் இருந்து வழிநெடுகக் கடைகளின் பெயரை வாசித்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் இறங்கினாள். புது நீலக் கேற்றைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினவள் நின்றுவிட்டாள்.

கேற்றின் நடுவில் ஒரு பேப்பர்த் துண்டு பசை போட்டு ஒட்டியிருந்தது. சனிக்கிழமைத் தலைப்பு. 71 என்ற இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வேறொரு எழுத்தும் இல்லை. அஸீலா தெருவைப் பார்த்தாள். தெருவில் இருந்த எல்லா முஸ்லிம் வீட்டுக் கேற்றிலும் அதே துண்டு. பூட்டிக் கிடந்த வீடுகளிலும் ஒட்டியிருந்தார்கள். எந்த வீடு யாருடையது என்று ஒட்டினவர்களுக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தாள். பிறகு கேட்டாள்.

"இதை எண்ணினது ஆர் மகள்?"

பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்த்தவள் கேட்கிறாள். "நான்தான் உம்மா" என்றாள் அஸீலா. "பிழையா எண்ணுப்பட்டது எண்டு தெரியும். தெரிஞ்சும் கையெழுத்து வைச்சனான்."

"ஏன்?"

"எங்கடை ஆக்களுக்காக மறைச்சது எண்டு சொல்லுவினம் எண்டு பயந்துபோனன்."

றஹ்மத்தும்மா ஏசவில்லை. பேப்பர்த் துண்டை நகத்தால் சுரண்டினாள். அது கிழிந்ததே தவிர வரவில்லை. எழுபத்தொன்றில் ஒன்று மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அன்று இரவு மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டில் படுத்தாள், லைற்றைப் போட்டபடியே. விடியற்காலையில் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு மகளை எழுப்பினாள்.

"ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தாக்கூட ரெண்டு மணித்தியாலம் தந்தவன் மகள். இதிலை எவ்வளவு நேரம் எண்டு எழுதேல்லை. நான் போறன்."

றஊப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஒன்றும் நடக்காது மாமி என்றான். "நடக்காட்டி வருவன்" என்றாள். ஆறரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அஸீலா செல்வநாயகத்தாரிடம் பந்தல் விஷயம் முழுவதையும் எழுதி, தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். செல்வநாயகத்தார் அதை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தார். சுபாஸ்கரன் போன் எடுத்து, தேர்தல் முடிஞ்சு போச்சே தங்கச்சி, இனி உதை ஆர் வாசிக்கப் போகினம் என்றார்.

மூன்று மாதம் கழிந்து குடிதண்ணீர் ஆய்வு ஒன்று வந்தது. கணினி சீட்டுக் குலுக்கி வீடுகளைப் பொறுக்கியது. ஒரு கிழமை கழித்து மத்தியானம் போல ஜெரிசன் போன் எடுத்தான். அவன் இப்போது சட்டம் பிசகுவதில்லை.

"மிஸ், நாப்பத்தேழாம் இலக்கம் விழுந்திருக்கு. இது உங்கடை உம்மான்ரை வீடெல்லே?"

"ஓம்."

"மூண்டு தரம் வந்திட்டன் மிஸ். காலமை, பின்னேரம், ஞாயிற்றுக்கிழமையும். கேற்றிலை உந்தப் பேப்பர் இன்னும் அப்படியே கிடக்கு. என்ன போட?"

அஸீலாவின் கணினியில் வரைபடம் திறந்திருந்தது. சோனகதெருவில் பூட்டிய வீடுகளைக் காட்டும் சாம்பல் நிறப் புள்ளிகள் முந்தியதைவிடக் கூடியிருந்தன.

"பூட்டு எண்டு போடும்" என்றாள். "போட்டிட்டு இடக்கைப் பக்கத்து வீட்டைக் கேளும்."

"அது அருந்ததி அக்கா வீடு."

"ஓம். அவவைக் கேளும்."